தோலா, ரெக்சினா? பெல்ட்டின் துளைக்குள் எடுத்த படங்கள்

வீட்டில் ஓய்வு நேரத்தில் தோலில் சாவிப் பை, பணப்பை போன்ற சிறு பொருள்களைத் தைப்பவன் என்பதால், உறவினர்கள் தாங்கள் வாங்கிய பெல்ட்டைப் படம் எடுத்து அனுப்பி, "இது அசல் தோல்தானா, பார்த்துச் சொல்லு" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் மாமா அனுப்பிய பழுப்பு நிற பெல்ட்டின் படத்தைப் பார்த்தேன். மேற்பரப்பின் கோலம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்ததும், விளிம்பில் அடுக்குகள் தெரிந்ததும் போதும் என்று நினைத்து, தயங்காமல் ரெக்சின் என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் அவர் பெல்ட்டை நேரில் கொண்டுவந்தார். அவருடைய அனுமதியோடு வால் முனையில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சீவல் எடுத்துப் பார்த்தபோது, மேல் அடுக்கு தோலாகவே இருந்தது. "படத்தைப் பார்த்தே ஜாதகம் சொன்னியேப்பா" என்று சிரித்துவிட்டுப் போனார். எங்கே தவறினேன் என்று தேடிய முயற்சியின் பதிவு இது.

ஒப்பிட்டுப் பார்க்க, இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த மாதிரிகள் முதலில் வேண்டியிருந்தன. சென்னை பெரியமேட்டில் தோல் கடைகளில் எடைக்கு விற்கும் வெட்டுத் துண்டுகளில் ஆடு, மாடு, எருமை மூன்றிலும் சிறிது வாங்கினேன். தோலின் அடிப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்த ஸ்பிளிட் துண்டு ஒன்றும் அங்கேயே கிடைத்தது. இரு சக்கர வாகனங்களுக்கு சீட் கவர் தைக்கும் கடைக்காரர் ரெக்சின் துண்டுகளைச் சும்மாவே கொடுத்துவிட்டார். இவற்றோடு வீட்டிலும் நண்பர்களிடமும் இருந்த பழைய பெல்ட்டுகள் ஒன்பதையும் சேர்த்து, கைப்பேசியில் பொருத்தும் சிறிய மேக்ரோ லென்ஸைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கினேன்.

மேற்பரப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் ஏமாந்ததும் பெரும்பாலோர் ஏமாறுவதும் அங்கேதான். பூச்சு அதிகமில்லாத தோலில் மயிர்க்கால்களின் துளைகள் தெரியும். மாட்டுத் தோலில் அவை ஏறக்குறைய ஒரே அளவில் நெருக்கமாகப் பரவியிருக்கும். ஆட்டுத் தோலில் பெரிய துளைகளும் சிறியவையும் கலந்து சிறு கூட்டங்களாக வரிசை கட்டி நிற்கும். எருமைத் தோலில் துளைகள் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். பெரியமேட்டுத் துண்டுகளில் இந்த வேறுபாடு வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. ஆனால் பெல்ட்டுகளில் அப்படி இல்லை. மேற்பரப்பில் தழும்பும் கீறலும் உள்ள தோலை இலேசாகத் தேய்த்து, நிறமிப் பூச்சு அடித்து, சூடான தகட்டாலோ உருளையாலோ அழுத்தி வேறொரு கோலத்தைப் பதிப்பது தோல் தொழிலில் அன்றாட வேலை. எனவே தோல் பெல்ட்டிலும் கோலம் திரும்ப வரலாம். ஒரே கோலம் திரும்ப வருவது, அங்கே ஓர் அச்சு வேலை செய்திருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அச்சுக்குக் கீழே இருப்பது என்ன என்பதைக் காட்டாது. மாமாவின் பெல்ட்டில் என் முதல் தவறு இதுதான்.

ஆனாலும் மேற்பரப்புப் படம் முற்றிலும் பயனற்றதல்ல. விளக்கை மேலிருந்து காட்டாமல், பெல்ட்டின் பக்கவாட்டில் மேசை மட்டத்துக்குச் சற்றே மேலே வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால், ஒவ்வொரு குழியும் நிழல் விழுந்து தனியே தெரியும். அச்சில் பதிந்த குழிக்கு அடித்தளம் உண்டு. அந்த அடித்தளம் பூச்சால் மூடப்பட்டு மெல்லிய பளபளப்போடு இருக்கும். மயிர்க்கால் துளை சாய்வாக உள்ளே இறங்குவதால் அடி தெரியாத கரும்புள்ளியாக நிற்கும். இதைவிட நம்பகமானது மடிப்பு. கொக்கி முள் அதிகம் பயன்பட்ட துளையின் அருகே பெல்ட்டை மடித்துப் படம் எடுத்தால், தோலில் மடிப்பின் குறுக்கே மெல்லிய நுண்சுருக்கங்கள் ஒழுங்கின்றி எழும். ரெக்சினில் சுருக்கம் அகலமாக, பதிந்த கோலம் அப்படியே இழுபட்டதுபோல் விழும். நன்கு உழைத்த பழைய ரெக்சினாக இருந்தால் அந்த இடத்தில் மேல்படலம் வெடித்து உள்துணி எட்டிப் பார்க்கும். அப்போது ஆராய்ச்சியே தேவையில்லை.

தீர்ப்பு சொல்ல வேண்டியது வெட்டுமுகம்தான். சிக்கல் என்னவென்றால், கடையில் விற்கும் பெல்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் பக்க விளிம்பில் வெட்டுமுகத்தையே பார்க்க முடியாது. விளிம்பு வண்ணம் பூசி, தேய்த்து, மறுபடி பூசி மூடியிருப்பார்கள். தோலோ, ரெக்சினோ, அட்டையோ, அந்த வண்ணத்துக்கு அடியில் எல்லாம் ஒன்றுதான். ஆறு பெல்ட்டுகளின் விளிம்பை விதவிதமாகப் படம் எடுத்து ஒன்றும் புரியாமல் இருந்த பிறகுதான், வண்ணம் பூசாத வெட்டுமுகம் ஒவ்வொரு பெல்ட்டிலும் ஐந்தாறு இருப்பது உறைத்தது. கொக்கி முள்ளுக்காகக் குத்திய துளைகளே அவை. பஞ்ச் அடித்த துளையின் உட்சுவருக்கு யாரும் வண்ணம் பூசுவதில்லை.

துளையை நேராக மேலிருந்து எடுத்தால் கருவட்டம் மட்டுமே கிடைக்கும். பெல்ட்டை ஏறக்குறைய முப்பது பாகை சாய்த்து, எதிர்ப்புறச் சுவர் லென்ஸுக்குத் தெரியும்படி வைத்து, சிறிய டார்ச் ஒளியைப் பக்கத்திலிருந்து துளைக்குள் செலுத்த வேண்டும். கறுப்பு பெல்ட் என்றால் கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையைத் தொட்டு குவியத்தை நிறுத்திவிட்டு, வெளிச்ச அளவைக் கையால் குறைக்க வேண்டியிருந்தது. முள் நுழைந்து நுழைந்து அழுக்கேறிய துளையைவிட, யாரும் பயன்படுத்தாத கடைசித் துளையே நல்ல படம் தந்தது.

அப்படி எடுத்த படத்தில் தோலின் சுவர் இழைகளாகத் தெரிகிறது. மேற்பரப்பை ஒட்டிய பகுதியில் இழைகள் நுண்மையாகவும் நெருக்கமாகவும் இருந்து, கீழே போகப் போகத் தடித்துத் தளர்கின்றன. இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது. எங்கேயும் கோடு போட்டதுபோல் நிற்பதில்லை. குரோம் முறையில் பதப்படுத்திய தோலில் சாயம் நடுவரை இறங்காவிட்டால், சுவரின் நடுவே வெளிறிய நீலச் சாம்பல் பட்டை தெரியும். என் மாதிரிகளில் இரண்டில் அது மிகத் தெளிவாக இருந்தது. ரெக்சினில் அமைப்பே வேறு. மேலே கண்ணாடி போன்ற மெல்லிய படலம், அதன்கீழ் நுண்குமிழிகள் நிறைந்த பஞ்சு போன்ற அடுக்கு, அடியில் துணி. துணியின் நூல்முனைகள் சம இடைவெளியில் புள்ளி வைத்ததுபோல் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இனி மாமாவின் பெல்ட். பக்க விளிம்பில் நான் பார்த்த அடுக்குகள் பொய்யல்ல. அவற்றுக்குப் பொருள் கொண்டதில்தான் பிழை. தைத்த பெல்ட்டில் மேல்தோல், நடுவே நிரப்பு, அடியில் உள்வரி என்று மூன்று பொருள்களை ஒட்டித் தைப்பது வழக்கம். அடுக்கு இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே என்ன என்றுதான் கேட்க வேண்டும். பெல்ட்டின் மொத்தத் தடிப்பு 3.4 மில்லிமீட்டர். கடைசித் துளையின் சுவரில் மேலடுக்கு 1.2 மில்லிமீட்டர் அளவுக்கு, நான் மேலே சொன்ன படிப்படியான இழை மாற்றத்தோடு இருந்தது. நடுவில் குட்டையான இழைத்தூள்களை அழுத்திய அட்டை போன்ற ஒன்று. தோல் கழிவை அரைத்துப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அப்படித்தான் இருக்கும். அடியிலோ நூல்முனைப் புள்ளிகள் வரிசையாக நின்றன. முகம் தோல், உள்வரி ரெக்சின் என்பதே சரியான பதில்.

மேல்பூச்சின் தடிப்பையும் அளந்து பார்த்தேன். துளையின் அருகே அதே தளத்தில் உலோக அளவுகோலை வைத்து எடுத்த படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 90 பிக்சல் கிடைத்தது. பூச்சு ஏறத்தாழ 6 பிக்சல், அதாவது 0.07 மில்லிமீட்டர். சாய்வாக எடுத்த படம் என்பதால் இதை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். இந்த அளவுக்கு ஒரு பயன் உண்டு. ஐரோப்பியத் தர வரையறையில், மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் அந்தப் பொருளை வெறுமனே தோல் என்று அழைக்கக் கூடாது. ஸ்பிளிட் தோலின் மேல் தடித்த படலம் ஒட்டி விற்கும் பெல்ட்டுகள் இந்த இடத்தில்தான் பிடிபடுகின்றன: சுவர் முழுக்கத் தளர்ந்த இழைகளாக இருக்கும், மேலே வர வேண்டிய நெருக்கமான பகுதி இருக்காது, அதற்குப் பதில் படலம் கோடு போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும்.

போன மாதம் என் மனைவி ஒன்பது பெல்ட்டுகளின் துளைப் படங்களைப் பெயரில்லாமல் கலைத்துக் கொடுத்து என்னைச் சோதித்தார். ஏழைச் சரியாகச் சொன்னேன். ஒன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்து சுருங்கிப்போனது. கைப்பேசி தானாகவே கூர்மையாக்கிய கறைகளை இழைகள் என்று எண்ணிவிட்டேன். அதன்பின் யார் கேட்டாலும் படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொல்கிறேன். மற்றொன்று மைக்ரோஃபைபர் வகைச் செயற்கைத் தோல். அதில் நெய்த துணி இல்லை. மிக நுண்ணிய இழைகளைப் பின்னிய அடுக்கு என்பதால் சுவர் தோலைப் போலவே காட்சியளிக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தபோது, இழைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நுண்மையில் இருப்பதும், படலத்துக்கும் இழைக்கும் இடையே கூரிய எல்லை இருப்பதும் புலப்பட்டன. ஆனால் படம் சற்று மங்கினாலும் இந்த வேறுபாடு போய்விடும் என்பதால், அத்தகைய படத்துக்கு இப்போது நான் பதில் சொல்வதில்லை. வால் முனையில் ஒரு சீவல் எடுத்துக் காட்டச் சொல்கிறேன்.

கையில் இன்னும் ஒரு பெல்ட் மீதமிருக்கிறது. அதன் துளைகள் எல்லாவற்றிலும் பித்தளை வளையம் அடித்திருப்பதால் சுவர் தெரியவில்லை. பக்கிள் அருகே மடித்த இடத்தில், முள் நுழைவதற்காக வெட்டிய நீள்துளையில் வண்ணம் பூசாத வெட்டுமுகம் இருக்க வேண்டும். மடிப்பைப் பிடித்திருப்பது திருகாக இருந்தால் கழற்றிப் பார்த்திருப்பேன். இதில் ரிவிட் அடித்திருக்கிறார்கள். பக்கிளை ஒருபுறம் ஒதுக்கி, மடிப்பின் இடுக்கு வழியாக ஒளி பாய்ச்சி எடுத்த நான்கு படங்களில் ஒன்றில் மட்டும் நூல்முனை போன்ற இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. அவை துணியின் நூலா, தையல் நூலின் பிசிறா என்று முடிவு செய்ய முடியவில்லை. தையல் நூலின் நிறம் கறுப்பு, புள்ளிகள் வெள்ளை என்பதால் துணியின் பக்கமே என் மனம் சாய்கிறது.