வங்கி ‘வெற்றி’ என்று சொன்ன பிறகும் போய்ச் சேராத சம்பளம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் இருந்தபோது, மாதந்தோறும் 7ஆம் தேதிக்குள் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சம்பளம் அனுப்புவது என் பொறுப்பாக இருந்தது. ஆளுக்கு ஒரு வரியாக, குறிப்பு எண், பெயர், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, தொகை ஆகியவற்றைக் கொண்ட ஒரே கோப்பை வங்கியின் இணையதளத்தில் நான் ஏற்றுவேன். மேலாளர் தம் கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து ஒப்புதல் அளிப்பார். அதன் பிறகு வங்கி ஒவ்வொரு வரியையும் தனித்தனி நெஃப்ட் பரிமாற்றமாக்கி, அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாகச் செல்லும் வரிசையில் சேர்த்துவிடும்.

ஒரு மாதம் 412 பேருக்கு 58,36,240 ரூபாய்க்கான கோப்பை ஏற்றினேன். ஏற்றிய சில நிமிடங்களிலேயே ஒரு வரி நிராகரிக்கப்பட்டது. அந்தத் தொழிலாளியின் வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டுப் பழைய ஐஎஃப்எஸ்சி செல்லாததாகியிருந்தது. இது எளிதில் கையாளக்கூடிய தோல்வி. பணம் நம் கணக்கைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே, எந்த வரி, என்ன பிழை என்று திரையிலேயே தெரிந்துவிடுகிறது. அவருடைய 13,850 ரூபாயைத் தவிர்த்து, மீதி 58,22,390 ரூபாய் ஒரே பற்றாக எங்கள் கணக்கிலிருந்து கழிந்தது. மாலையில் பதிலறிக்கைக் கோப்பை இறக்கிப் பார்த்தேன். 411 வரிகளுக்கும் எதிரே `SUCCESS` என்றும், ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தனித்து அடையாளம் காட்டும் யுடிஆர் எண்ணும் இருந்தன. வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தையல் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்து, “சார், எல்லாத்துக்கும் சம்பளம் ஏறிடுச்சு, எனக்கு மட்டும் இன்னும் வரலைங்க” என்றார். பதிலறிக்கையில் அவர் வரியைக் காட்டி, அனுப்பியாயிற்று, மாலைக்குள் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது தவறு. எங்கள் வங்கியின் அறிக்கையில் ‘வெற்றி’ என்பதற்குப் பொருள், பணம் அங்கிருந்து புறப்பட்டுவிட்டது என்பது மட்டுமே. பெறும் வங்கி அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தத் தொகுப்பு தீர்வாகி 2 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திரும்பும் பணம், முந்தைய மாலை நான் இறக்கிய கோப்பில் எப்படி இருக்கும்? அது எங்கள் நடப்புக் கணக்கில் ஒரு புதிய வரவாகத்தான் வந்து விழும்.

கணக்கு அறிக்கையைத் திறந்தபோது, முந்தைய இரவே `NEFT RETURN` என்று தொடங்கும் இரண்டு வரவுகள் வந்திருந்தன: 14,200 ரூபாய், 12,975 ரூபாய். தொழிலாளியின் பெயர் எதிலும் இல்லை. பழைய யுடிஆர் எண்ணும் காரணமும் மட்டுமே இருந்தன. அந்த எண்ணைப் பதிலறிக்கையில் தேடித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 14,200 ரூபாய் வேறொருவருடையது. அவர் எங்களிடம் சொல்லாமல் கணக்கை மூடியிருந்தார். 12,975 ரூபாய் தையல் பிரிவு அம்மாவுடையது. காரணமாக, அப்படி ஒரு கணக்கு இல்லை என்று இருந்தது.

அவருடைய கணக்குப் புத்தக நகலை எடுத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். பதினாறு இலக்க எண்ணில் கடைசி இலக்கம் 7. எங்கள் கோப்பிலோ 0. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். மற்றவர்களின் எண்கள் உரை வடிவக் கட்டங்களில் இருந்ததால் தப்பின. அந்த அம்மா புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் அவருடைய எண் சாதாரணக் கட்டத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. திரையில் அது `7.84512E+15` என்று சுருங்கித் தெரிந்தபோதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கட்டத்தின் வடிவத்தை ‘எண்’ என்று மாற்றிவிட்டு நகர்ந்திருக்கிறோம். நெஃப்ட்டில் பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைப்பார்கள். மாறிய எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்திருந்தால் பணம் சத்தமில்லாமல் அவருக்குப் போயிருக்கும், திரும்பியே வந்திருக்காது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

மறுபடி அனுப்பும்போது முழுக் கோப்பைத் திருத்தி ஏற்றக் கூடாது. 409 பேருக்கு இரண்டாம் முறை சம்பளம் போய்விடும். திரும்பிய பணம் கணக்கில் வந்துவிட்டதை யுடிஆர் எண்ணோடு உறுதிசெய்த பிறகே, இந்த இருவரையும் ஐஎஃப்எஸ்சி பிழை வந்தவரையும் மட்டும் கொண்ட மூன்று வரிக் கோப்பைப் புதிய குறிப்பு எண்களுடன் தயாரித்தேன். கணக்கை மூடியவரிடம் புதிய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன், கழிந்த 58,22,390 ரூபாயிலிருந்து திரும்பிய 27,175 ரூபாயைக் கழித்தால் வரும் 57,95,215 ரூபாயும், 409 பேரின் சம்பளக் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருந்தன.

அன்று மாலை அந்த அம்மா தம் கைபேசியில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்து காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த மாதச் சம்பளப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘வழங்கப்பட்டது’ என்று எழுதினேன்.