சனி, ஞாயிறு டியூஷன்: படிப்பைத் தொடாமல் சம்பாதித்த அனுபவம்

வார நாட்கள் முழுவதும் கல்லூரிக்கும் ரெக்கார்டு எழுதுவதற்குமே சரியாக இருந்ததால், கைச்செலவுக்கான வேலை எதுவானாலும் சனி, ஞாயிறுக்குள் முடிய வேண்டியிருந்தது. தட்டச்சு, மொழிபெயர்ப்பு போன்றவை ஒரு மாதம் குவியும், மறுமாதம் வராது. மாதாமாதம் ஒரே அளவில் பணம் வர வேண்டும் என்பதால், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினேன்.

அதை எப்படி நடத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெவ்வேறு வகுப்புகளில் படிக்கும் மூவருக்கு வீடு தேடிச் சென்று ஆளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் 3 மணி நேரத்துக்குத்தான் பணம் கிடைக்கும்; ஒவ்வொரு வீட்டுக்கும் போய்வர ஒரு மணி, பாடம் தயாரிக்க ஒரு மணி என்று கூட்டினால் நமக்குச் செலவாவது 9 மணி நேரம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் நால்வரை ஒருவர் வீட்டில் சேர்த்து 2 மணி நேரம் நடத்தினால், பயணமும் தயாரிப்பும் உட்பட 4 மணி நேரத்தில் வேலை முடிகிறது. தனி வகுப்புக்கான மணிக் கட்டணத்தில் பாதியை மட்டும் ஆளுக்கு மணிக்கு வாங்கினாலும், செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மும்மடங்கு கிடைக்கிறது.

நால்வருக்கு மேல் சேர்க்க நான் உடன்படுவதில்லை. முதல் வகுப்பிலேயே பின்னம், குறை எண்கள், எளிய சமன்பாடு ஆகியவற்றில் சில கணக்குகளைக் கொடுத்துத் தனித்தனியே போடச் சொல்வேன். மற்றவர்கள் எழுதிய பிறகே பேனாவை எடுக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு முந்தைய ஆண்டுப் பாடமே நிற்கவில்லை என்று பொருள். குழுவோடு இழுத்துச் செல்வது அதற்கு நியாயமாகாது என்பதைப் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

கட்டணத்தை வகுப்புக் கணக்கில் வாங்கினால், திருமணம், காய்ச்சல் என்று பிள்ளைகள் வராத வாரமெல்லாம் வருமானம் குறையும். ஆகவே மாதத் தொடக்கத்தில் முன்பணமாக வாங்கிக்கொண்டு, என் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் வகுப்பு இராது, அதற்கு ஈடான வகுப்புகளை முன்கூட்டியே எடுத்துவிடுவேன் என்று சேரும்போதே பேசிக்கொண்டேன். பள்ளித் தேர்வு நெருங்கும்போது வார நாட்களிலும் வரச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். அவர்களது கவலை உண்மையானதுதான் என்றாலும், அதற்கு ஒருமுறை இசைந்தால் பிறகு மறுக்க முடியாது என்பதால், சனிக்கிழமை வகுப்பை அரை மணி நீட்டித்துக் கொடுத்தேன்.

பள்ளி விடுமுறையில் இந்த வருமானம் நின்றுவிடும். ஆண்டில் 10 மாதம்தான் பணம் வரும் என்று வைத்து, ஒவ்வொரு மாதமும் ஆறில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்தால், மீதி இரண்டு மாதங்களுக்கும் அதே அளவு கைச்செலவு கிடைக்கும்.