மூன்று வரிக்கு மூன்று வாரம்

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் பிட்ச் டெக்கில் பன்னிரண்டு பக்கம் இரண்டு நாளில் முடிந்தது. என்னைப் பற்றிய மூன்று வரிக்கு மூன்று வாரம் ஆனது, நடுவில் ஒரு முதலீட்டாளரும் கைநழுவிப் போனார்.

கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷினின் மோட்டார் கரண்ட்டை அளந்து, வெட்டும் டூல் மழுங்குவதை முன்கூட்டியே சொல்லும் சின்னப் பெட்டி எங்களுடையது. அம்பத்தூர் பட்டறைகள்தான் வாடிக்கையாளர்கள். முதலில் நான் எழுதிய அறிமுகம் பதினோரு வரி. கல்லூரியில் வாங்கிய மெடல், ஆன்லைன் சான்றிதழ்கள், 'தொலைநோக்குத் தலைவர்' (இதை எழுதியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது), அப்புறம், பழைய தொழிற்சாலையில் கழிவாகப் போகும் பாகங்களைப் பற்றி, 'ஸ்க்ராப்பை 18 சதவீதம் குறைத்தவர்'.

அந்தக் கடைசி வரிதான் காலை வாரியது. நுங்கம்பாக்கத்தில் ஒரு முதலீட்டாளர் அலுவலகத்தில் அரை மணி நேரம் நன்றாகவே பேசினார்கள். மறுநாள் என் பழைய மேனேஜருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை: "அது ஆறு பேர் செஞ்ச வேலை. இவர் அளவீட்டைப் பார்த்துக்கிட்டார்." அதோடு அங்கிருந்து பதில் நின்றுபோனது. அந்த அளவீடுதான் இன்று எங்கள் பொருளே! அதை எழுதாமல் அடுத்தவர் பங்கையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

இன்னொரு சொதப்பல் என் பார்ட்னருடையது. டெக்கில் 'முழுநேரம்' என்று போட்டிருந்தோம். அவரோ நோட்டீஸ் பீரியடில் இருந்தார், லிங்க்ட்இன்னில் பழைய வேலை அப்படியே நின்றது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் தேடினால் எங்கள் டைரக்டர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை, அவரைச் சேர்க்கும் படிவம் இன்னும் போகவில்லை. இது இரண்டாவது முதலீட்டாளரிடம் முதல் கேள்வியாகவே வந்தது. டெக்கை அனுப்புவதற்கு முன் அறிமுகம், லிங்க்ட்இன், எம்சிஏ மூன்றையும் பக்கத்தில் வைத்து மாதம் உட்படச் சரிபாருங்கள்.

கடைசியில் நின்றது இது:

"9 ஆண்டு ஆட்டோ பாகத் தொழிற்சாலையில் சிஎன்சி பராமரிப்பு, 64 மெஷின்களுக்குப் பொறுப்பு. ஸ்க்ராப்பைக் குறைத்த ஆறு பேர் குழுவில் கரண்ட் அளவீட்டை வடிவமைத்தவர். அதே முறை இப்போது அம்பத்தூரில் 7 பட்டறைகளில் ஓடுகிறது."

பார்ட்னர் பெயருக்குக் கீழே 'ஜூன் முதல் முழுநேரம்' என்று உள்ளதை உள்ளபடி போட்டோம்.

மெடலை எடுத்ததில் அம்மாவுக்குத்தான் வருத்தம். எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் டூல் மழுங்குவதற்கும் அந்த மெடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையே.

போன வாரம் கிண்டியில் ஒருவர் அந்த வரிகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "64 மெஷின்ல மாசத்துக்கு எத்தனை டூல் சார் உடையும்?" என்று கேட்டார். அதைப் பற்றியே நாற்பது நிமிஷம் பேசினோம். செக் இன்னும் வரவில்லை. பட்டறையை நேரில் பார்க்க வியாழக்கிழமை வருகிறார்.