ஐந்து வரி அழைப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்ட மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தலாம் என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் முடிவெடுத்தோம். கட்டுரை அழைப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. லயத்து வீடுகள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டு என்று இரண்டு பக்கம் உருகி எழுதினேன். கட்டுரை அனுப்புகிறவர் தேடும் விவரங்கள் மட்டும் அதில் தெளிவாக இல்லை.

'மலேசியத் தமிழர் பண்பாடு' என்று கருப்பொருள் கொடுத்திருந்தேன். திருக்குறளில் அறம், சிலப்பதிகாரத்தில் இசை என்றெல்லாம் கட்டுரைகள் வந்தன. அனுப்பியவர்கள் மேல் தப்பில்லை, அந்தத் தலைப்பில் எதுவும் அடங்கும். கடைசி நாள் என்று ஒரே தேதிதான் போட்டிருந்தேன். சிலர் சுருக்கம் அனுப்பினார்கள், சிலர் முழுக் கட்டுரையே அனுப்பினார்கள். சென்னையிலிருந்து ஒருவருடையது எங்கள் நேரப்படி நள்ளிரவு 12.40-க்கு வந்தது. அங்கே அப்போது இரவு 10.10 தான். எந்த நாட்டு நேரம் என்று நான் சொல்லவில்லையே, அவரைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெரிய வேதனை எழுத்துருவால் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தான் படித்த தோட்டப் பள்ளி மூடப்பட்ட கதையை, பால் வெட்டிய பாட்டிகளிடம் கேட்டு எழுதியிருந்தார். கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் jkpo; என்று நின்றது. அவர் பாமினியில் தட்டியிருக்கிறார். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. அது இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டோம். தமிழ் வந்துவிட்டது, ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த தோட்டப் பெயர்களும் சேர்ந்து அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. அவரோடு உட்கார்ந்து இரண்டு மாலை ஒவ்வொரு பெயராகத் திருத்தினேன். PDF கேட்டாலும் இது தீராது. பார்வைக்குச் சரியாக இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் மறுபடி jkpo; தான்.

அடுத்த முறை அழைப்பு இவ்வளவுதான்:

கருப்பொருள்: தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் இடமாற்றம், பால் வெட்டுத் தொழிற்சொற்கள், தோட்டக் கோயில் திருவிழாக்கள்.
சுருக்கம்: 250 சொற்கள், மார்ச் 15. எங்கள் பதில்: ஏப்ரல் 5.
முழுக் கட்டுரை: மே 31. எல்லாம் மலேசிய நேரம் இரவு 11.59 வரை.
வடிவம்: யூனிகோட் தமிழ், docx கோப்பு, 8 முதல் 10 பக்கம்.
அனுப்பும் முன்: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அனுப்பலாம்.

ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் நடுவே இடைவெளி விட்டது வேண்டுமென்றேதான். சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகுதான் பலர் பழைய ஆட்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கிறார்கள். பள்ளி நாட்களில் அதற்கு நேரம் ஏது?

மார்ச் 12 அன்று அதே ஆசிரியர் போன் செய்தார். "தம்பி, வாட்ஸ்அப்புல ஒட்டிப் பாத்துட்டேன். தமிழாத்தான் வருது. அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க ஐயா," என்றேன்.