நாலாவது ஆப்ஷன் பேப்பர் ஓரத்தோடு போய்விட்டால்

பெங்களூரில் இரண்டாம் பியுசி பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் இயற்பியல் சந்தேகம் தீர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழகியிருக்கும். கேள்வி போட்டோவில் வரும், மூன்று ஆப்ஷன் இருக்கும், நாலாவது ஓரத்தில் அறுந்திருக்கும். "சரியா எடுத்து அனுப்பும்மா" என்றால் அதே படம் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தோடு திரும்ப வரும். இந்த அலைச்சலில் பாதி வெட்டியானது. வெட்டு எங்கே விழுந்தது என்று பார்க்காமல் மறுபடி போட்டோ கேட்கவே கூடாது.

முதலில் படத்தைத் தட்டி முழுசாகத் திறக்க வேண்டும். நீளமான படத்தை வாட்ஸப் சாட்டில் மேலும் கீழும் வெட்டித்தான் காட்டும். திறந்த பிறகும் எழுத்து படத்தின் விளிம்பு வரை ஓடிப்போய் நின்றால் எடுத்தவர் கை நகர்ந்திருக்கிறது, இன்னொரு போட்டோ போதும். ஸ்கேன் ஆப்பில் எடுத்ததென்றால் அதுவும் வேண்டாம், ஆப்பில் மூலையை இழுத்து விரித்தாலே பல சமயம் விட்டுப்போனது வந்துவிடும். ஆனால் காகிதத்தின் ஓரமும் அதைத் தாண்டி மேசையும் படத்தில் தெரிகிறதா? அப்படியானால் வெட்டு காகிதத்திலேயே இருக்கிறது. நூறு போட்டோ எடுத்தாலும் வராது.

அன்றைக்கு மாட்டியது இந்த இரண்டாவது ரகம். கோச்சிங் தேர்வுத்தாளின் ஜெராக்ஸ், மூலத்தாளைக் கண்ணாடியில் கோணலாக வைத்து அடித்தது. கோணல் என்பதால் மேல்வரிகள் தப்பித்து, கீழே போகப் போக வலது ஓரம் அதிகமாகத் தின்னப்பட்டிருந்தது. கடையில் கேட்டதற்கு "பேப்பர் அவ்வளவுதான் சார்" என்று பதில். மூலத்தாள் வகுப்பில் திருப்பி வாங்கப்பட்டுவிட்டது.

கேள்வி: ஒரு கம்பியை இழுத்து நீளத்தை 10% கூட்டினால் அதன் மின்தடை எத்தனை சதவீதம் கூடும்? 1) 10%. அதன் பக்கத்தில் 2) 20, சதவீதக் குறி பாதிதான். கீழ்வரியில் 3) 9%. நாலாவதில் ஒரு 2, அதை ஒட்டி ஒரு கீற்று, அதோடு காகிதம் முடிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஆப்ஷன் பக்கமே போகாமல் கணக்கை முடித்துவிட வேண்டும். இழுத்தாலும் கம்பியின் கனஅளவு மாறாது. நீளம் 1.1 மடங்கானால் குறுக்குப் பரப்பு 1.1-ஆல் வகுபடும். மின்தடை நீளம் கூடினாலும் கூடும், பரப்பு குறைந்தாலும் கூடும்; ஆகவே அது 1.1 × 1.1 = 1.21 மடங்கு, அதாவது 21% கூடும். தெரிகிற மூன்றிலும் 21 இல்லை.

பிள்ளைகள் விழுவது இங்கேதான். "20 பக்கத்துல வருதே அண்ணா, அதையே போடலாமா?" கூடாது. சதவீதத்தை இரண்டால் பெருக்கும் குறுக்குவழி 1% மாதிரி சின்ன மாற்றத்துக்குச் சரி, அங்கே விடை 2.01. 10%-க்கு அதே வழியில் போனால் ஒரு முழுச் சதவீதம் பிசகும். அப்படிப் போகிறவர்களுக்காகவே 20 அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அதற்காகத் தெரிகிற மூன்றும் இல்லை என்றதுமே நாலுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. நாலாவதைத் தின்ற வெட்டு கேள்வியின் வரியையும் கடித்திருக்கலாம். வரிக் கடைசியில் 'ஏறக்குறைய' என்று ஒரு சொல் போயிருந்தால் 20-க்கும் வாய்ப்பு வந்துவிடும். இங்கே கேள்வி மேலே இருந்ததால் தப்பியது. வாக்கியம் தொங்காமல் முடிந்து, கேள்விக்குறிக்கு அப்புறம் வெள்ளை இடமும் இருந்தது.

மிச்சம் அந்தக் கீற்று. படத்தைப் பெரிதாக்கி கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தால், 2-க்குப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை நேராக இறங்குகிற கோடு. 0-வாக இருந்தால் இடப்பக்கம் வளைந்து பிதுங்கியிருக்கும்; 5-ன் இடது ஓரம் கீழ்வரை நேராக வராது. அது 1 என்பதோடு ஒத்துப்போகிறது. விடைக்குறிப்பிலும் 4 என்று போட்டிருந்தது. ஆனால் அதில் எண் மட்டும்தான், நாலாவதில் என்ன அச்சாகியிருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எல்லாக் கேள்வியும் இப்படி வழிக்கு வராது. 'கீழ்க்கண்டவற்றில் எது சரி' என்று தனித்தனி வாக்கியம் கொடுத்திருந்தால், தெரிகிற ஒன்று சரியாக இருந்தாலும் போதாது, போன இடத்தில் 'மேற்கண்ட அனைத்தும்' இருந்திருக்கலாம். அங்கே மூன்றையும் தனித்தனியாகச் சோதித்து, எது சரி, எது தவறு என்று எழுதி அனுப்புவதோடு நிறுத்த வேண்டும்.

பதிலில் ஆப்ஷன் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். வேறு செட்டில் வரிசை மாறியிருந்தால் வம்பு. நான் அனுப்பியது: "விடை 21%. தெரியும் மூன்றில் இல்லை. நாலாவது 21% மாதிரி தெரிகிறது. முழுத்தாள் வைத்திருக்கும் யாராவது 4-ஐப் படித்துச் சொல்லவும்." ராத்திரியே ஒரு பையன் தன் தாளைப் போட்டோ எடுத்துப் போட்டான். 21%. அவன் தாளில் கீழ் ஓரம் போய், கடைசிக் கேள்வி பாதியில் நிற்கிறது.