பத்து குறைந்தது எங்கே?

நால்வர் சாப்பிட்டோம். நான் மொத்தப் பில்லையும் கட்டிவிட்டு, அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். நாலாகப் பிரித்தால் தலைக்கு 577.50. ஆனால் ஒரு தோழி அளவாகத்தான் சாப்பிட்டிருந்தாள். அவளிடம் அவ்வளவு கேட்க எனக்கு மனமில்லை. சரி, அவரவர் சாப்பிட்டதற்கே கணக்குப் போடலாம் என்று வீட்டில் உட்கார்ந்தேன்.

படத்தைப் பார்த்து வரிவரியாக எழுதிக் கூட்டினால் 1950 வந்தது. சேவைக் கட்டணமும் வரியும் சேர்க்கும் முன் கூட்டுத்தொகை பில்லில் 2000 என்று இருந்தது. சரியாக 50 குறைகிறது என்றால், பத்தின் இடத்தில் ஏதோ ஒரு 8-ஐ 3 என்று படித்திருக்கலாம் என்று தோன்றியது. மடிப்பு விழுந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் 330 என்று எழுதியது உண்மையில் 380. இந்தக் கூட்டல் ஒத்துவராமல் மேலே போயிருந்தால் பின்னால் எல்லாமே தப்பாகியிருக்கும்.

பொதுவாக வாங்கிய 240-ஐ மூவர்தான் சாப்பிட்டோம், ஆளுக்கு 80. அதையும் சேர்த்ததில் எங்கள் நால்வரின் பங்கு 760, 490, 430, 320 என்று வந்தது. கூட்டினால் 2000.

அடுத்துதான் சறுக்கினேன். சேவைக் கட்டணம் 10 சதவீதம், வரி 5 சதவீதம், ஆக 15 என்று போட்டேன். வந்தது 2300, கட்டியதோ 2310. அந்தப் பத்தைத் தேடியே கால் மணி நேரம் போயிற்று. பில்லை மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது: சேவைக் கட்டணம் 200-ஐச் சேர்த்து, 2200-க்கு வரி போட்டிருந்தார்கள். அதனால் வரி 100 இல்லை, 110.

அப்புறம் சதவீதத்தையே விட்டுவிட்டேன். கட்டிய தொகையை, சேவைக் கட்டணமும் வரியும் சேர்க்கும் முன் இருந்த கூட்டுத்தொகையால் வகுத்தேன்:

```
2310 ÷ 2000 = 1.155
```

ஒவ்வொருவர் பங்கையும் இதால் பெருக்கினால் 877.80, 565.95, 496.65, 369.60. எந்த வரி எதன் மேல் ஏறியது என்று இனித் துருவ வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம் என்றால்தான் இது நியாயம். பில்லில் சில பொருள்களுக்கு மட்டும் தனி வரி தெரிந்தால், அதை அவற்றை வாங்கியவர் கணக்கிலேயே வைக்க வேண்டும். எங்கள் பில்லில் அந்தத் தொல்லை இல்லை.

முழு எண்ணாக்கினால் 878, 566, 497, 370. கூட்டினால் 2311, ஒன்று அதிகம். கட்டியவன் நான்தானே, என் பங்கை 496 ஆக்கிக்கொண்டேன். நான் லாபம் பார்த்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று கணக்கையும் பில் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன். 878 கட்ட வேண்டியவன்தான் முதலில் பதில் போட்டான்: "அடப்பாவி, நான் அவ்வளவா சாப்பிட்டேன்?" ஐந்து நிமிடத்தில் பணமும் வந்துவிட்டது.