ரெசுமேல இருக்குற ப்ராஜெக்ட்ட எங்கிருந்து பேச ஆரம்பிக்கணும்

எங்க டீமுக்கு ஃப்ரெஷர்ஸ் எடுக்கும்போது டெக்னிக்கல் ரவுண்டுல நான் உக்காருவேன். ப்ராஜெக்ட் பத்தி சொல்லுங்கன்னா பெரும்பாலும் வர்ற பதில், "ரியாக்ட்ல ஃப்ரண்ட்எண்ட், நோட்ல பேக்எண்ட், லாகின் இருக்கு, அட்மின் பேனல் இருக்கு சார்". இதெல்லாம் ரெசுமேலயே இருக்கே, அதுக்கு மேல பிடிச்சு கேக்க ஒண்ணுமே இல்லாததால நானும் டெஃபனிஷன் கேக்க ஆரம்பிச்சிடுவேன், இன்டர்வியூ காலேஜ் வைவா மாதிரி ஆயிடும்.

ஒரு பையன் டர்ஃப் புக்கிங் ஆப் போட்டிருந்தான். ஆப் என்னன்னு ஒரே வரி சொல்லிட்டு நேரா, "ஒரே ஸ்லாட்ட ரெண்டு பேர் ஒரே சமயத்துல புக் பண்ணா ரெண்டு பேருக்கும் கன்ஃபர்ம் ஆயிடுச்சு சார்"னு ஆரம்பிச்சான். கோடு முதல்ல SELECT போட்டு ஸ்லாட் காலியான்னு பாக்கும், அப்புறம் INSERT பண்ணும், அந்த நடுவுல இருக்குற சின்ன கேப்ல இன்னொருத்தரோட SELECTம் காலின்னுதான் சொல்லும். தனியா பிரவுசர்ல கிளிக் பண்ணி பாத்தா இது தெரியவே தெரியாது, அவன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒரே ஸ்லாட்டுக்கு 20 ரெக்வஸ்ட்ட சேத்து அனுப்பிருக்கான், டேபிள்ல ஒரே ஸ்லாட்டுக்கு பல ரோ. முதல்ல பட்டனை டிசேபிள் பண்ணி பாத்தானாம், ஆனா ரெண்டு பேர் ரெண்டு போன்ல இருக்கும்போது அது எதுக்கு உதவும்? அதனால ஒரே டர்ஃப், ஒரே ஸ்லாட்டுக்கு ரெண்டாவது ரோ வராத மாதிரி டேட்டாபேஸ்லயே யூனிக் போட்டான். ரெண்டாவதா வர்ற INSERTக்கு போஸ்ட்கிரெஸ் 23505னு எரர் குடுக்கும், அத பிடிச்சு "ஸ்லாட் போயிடுச்சு"ன்னு காட்டுறான்.

சரி, கேன்சல் பண்ணா அந்த ரோ அங்கேயேதான இருக்கும், திரும்ப யாரும் புக் பண்ண முடியாதேன்னு கேட்டேன். அதுலயும் அடிபட்டு வந்திருக்கான், status 'booked'னு இருக்குற ரோவுக்கு மட்டும் யூனிக் பாக்குற மாதிரி பேப்பர்ல எழுதியே காட்டினான்:

```sql
CREATE UNIQUE INDEX one_booking
ON bookings (turf_id, slot_start)
WHERE status = 'booked';
```

கடைசியா, 6 மணில இருந்து 7:30 வரைக்கும் ஒருத்தர், 7ல இருந்து 8 வரைக்கும் ஒருத்தர் புக் பண்ணா? கொஞ்சம் யோசிச்சிட்டு, "slot_start வேற வேறங்கறதால இது பிடிக்காது சார், என் ஆப்ல எல்லாமே ஒரு மணி நேர ஸ்லாட், அதனாலதான் ஓடுது"ன்னான். இப்படி நேரம் ஒண்ணு மேல ஒண்ணு விழுறத டேட்டாபேஸ்லயே தடுக்க எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்னு ஒண்ணு இருக்கு, அவனுக்கு அது தெரியல, பரவால்ல. எங்க உடையும்னு தெரிஞ்சு வச்சிருக்கான்ல, எனக்கு அது போதும்.

அதனால ரெசுமேல "ஃபுல் ஸ்டாக் டர்ஃப் ஆப்"னு மட்டும் விட்டுடாதீங்க, "டபுள் புக்கிங்கை டேட்டாபேஸ் லெவல்ல தடுத்தேன், 20 ரெக்வஸ்ட் சேத்து அனுப்பி டெஸ்ட் பண்ணேன்"னு ஒரு வரி சேருங்க, கேள்வி அங்கதான் வரும். டுடோரியல் பாத்து பண்ணதா இருந்தாலும் அதுல ஒரு ரூல மாத்துங்க, ஸ்லாட் நீளத்தையே யூசர் முடிவு பண்ணலாம்னு வைங்க, எது உடையுதுன்னு பாருங்க. க்ரூப் ப்ராஜெக்ட்னா எந்த பார்ட் நீங்க எழுதினதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, கிட்ஹப் லிங்க் குடுத்திருந்தா கமிட் ஹிஸ்டரிய நாங்க பாப்போம்.